வேக வரிசை தீர்ந்தாதான் பொது வரிசையா?

கயிறுபிடிப்பவன்: எங்க கேளிக்கைப் பூங்காவுல சவாரி வாசல்ல ரெண்டு வரிசையும் சேரும் இடத்துல, காசு கட்டின வேக வரிசை காலியாகிற வரை அதையே விடறாங்க. பொது வரிசை அரை மணி நேரம் அசையல. எத்தனைக்கு எத்தனை விடணும்?

செழியன்: இதுல என்ன குழப்பம்? இங்க ஒரு குடும்பம், அங்க ஒரு குடும்பம், மாத்தி மாத்தி விடுங்க.

மேடைக்காரர்: மாத்தி விடறது சரி, குடும்பத்தை எண்ணறதுதான் தப்பு. ஒரு பக்கம் ஆறு பேரா வர்றாங்க, மறுபக்கம் ரெண்டு பேரா வர்றாங்கன்னா, சமமா விட்ட மாதிரி தெரியும், இருக்கை மூணுக்கு ஒண்ணா போயிருக்கும். தலையை எண்ணுங்க.

வண்டிக்கு 24 இருக்கை, மணிக்கு 50 வண்டி, ஆக 1200 பேர்னு வைங்க. வேகச் சீட்டு மணிக்கு 600 வித்திருந்தா, 12க்கு 12 போதும். சிக்கல் வர்றது சவாரி பழுதாகி நின்ன பிறகு. 20 நிமிஷம் நின்னா வேக வரிசையில 200 பேர் தேங்குவாங்க. அவங்களை முதல்ல தீர்க்கலாம்னு 24 இருக்கையும் கொடுத்தா, புதுசா வர்றவங்களும் சேர்ந்துக்கிறதால தீர இன்னும் 20 நிமிஷம் ஆகும். பொது வரிசைக்கு மொத்தம் 40 நிமிஷம் நிக்கிற நிலை. சேரும் இடத்துல நிக்கிறவருக்கு வேக வரிசையோட வால் தெரியும், பொது வரிசையோட வால் தெரியாது. அதனாலதான் இந்தத் தப்பு தினம் நடக்குது.

வேக வரிசைக்கு 16, பொது வரிசைக்கு 8னு உச்சவரம்பு போடுங்க. அதுக்கு மேல எந்தக் காரணத்துக்கும் கிடையாது. பொது வரிசையில ஆறு பேர் ஏறின பிறகு ஐந்து பேர் குடும்பம் வந்தா பிரிக்க வேண்டாம், 11 ஆகட்டும். அடுத்த வண்டியில 5 இருக்கை மட்டும் கொடுத்து நேர் பண்ணுங்க, ரெண்டு வண்டிக்கும் சேர்த்து 32க்கு 16 வந்துடும். ரெண்டு கையிலயும் ஒரு கிளிக்கர் இருந்தா இது சுலபம்.

வரவுசெலவு: காகிதத்துல நல்லா இருக்கு. அந்த 200 பேர் தீர ஒரு மணி நேரம் ஆகுமே! கடைசியில நிக்கிறவர் கால் மணி நேரம் காத்திருப்பார். காசு வாங்கிட்டு அவரை நிறுத்தினா பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

மேடைக்காரர்: கேட்கட்டும். பழுதான உடனே அடுத்த ஒரு மணி நேரச் சீட்டு விற்பனையை நிறுத்தினா சீக்கிரமே தீர்ந்துடும். பொது வரிசை நுழைவாயில்ல இருக்கிற காத்திருப்பு நேரப் பலகையையும் மணிக்கு 400 பேர்னு கணக்குப் போட்டு மாத்துங்க. முன்னால 300 பேர்னா அரை மணி இல்ல, முக்கால் மணி.

நூலகி: எங்க காட்சிக்கூடத்துல வண்டியே கிடையாது. உள்ளே போனவர் எப்ப வெளிய வருவார்னே தெரியாது. அப்ப?

மேடைக்காரர்: வெளிய வர்ற தலையை எண்ணுங்க. 24 பேர் வந்ததும் ஒரு வண்டி வந்த மாதிரி அதே பங்கீடு.

வரவுசெலவு: ஒண்ணு விட்டுட்டீங்க. பாதி வண்டியை எடுத்துட்டு நாள் முழுக்க மணிக்கு 600 இருக்கைதான்னா, முன்கூட்டியே வித்த 600 சீட்டை என்ன பண்ணுவீங்க? உங்க வரம்புப்படி 400 பேர்தான் ஏறுவாங்க. மணிக்கு 200 பேர் சேர்ந்துக்கிட்டே போவாங்க.

மேடைக்காரர்: அதனாலதான் முன்கூட்டி விற்கிறதை 400ல நிறுத்தச் சொல்றேன். மிச்சத்தை அன்னிக்கு வண்டி ஓடறதைப் பார்த்து வித்துக்கலாம்.

வரவுசெலவு: அதுக்கு மேலிடம் ஒத்துக்காது.