அயர்ன் பாக்ஸ் வாரத்துக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது? உங்கள் வீட்டு அனுபவம்

தக்கலை மருமகள்

2024 டிசம்பர் பில்லில் 514 யூனிட். ஐந்நூறைத் தாண்டினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாமி நேராக அயர்ன் பாக்ஸைக் கை காட்டினார்கள். "ஞாயித்துக்கிழமை ஆனா ஒண்ணேகால் மணிக்கூர் அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, பின்ன பில்லு ஏறாம என்ன செய்யும்?"

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டேன். சாதாரணப் பெட்டிதான், 1000 வாட், ஆவி கீவி கிடையாது. எங்கள் மீட்டரில் 3200 imp/kWh என்று போட்டிருக்கிறது. சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். மகள் முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஐம்பது ஐம்பதாகக் கோடு கிழித்தாள்.

நான் மறக்காதது இதுதான்: பெட்டியில் லைட் அணைந்த அதே நொடியில் வெளியே இருந்து, "அம்மா, மீட்டர் செத்துப்போச்சு!" என்று கத்தினாள். சாகவில்லை. பெட்டி சூடேறி, தானே நிறுத்திக்கொண்டது. திரும்ப லைட் எரிந்ததும் மீட்டரும் மின்ன ஆரம்பித்தது.

பிள்ளைகள் இரண்டு பேரின் யூனிஃபார்ம், அவருடைய சட்டைகள், மாமியின் நேரியது, என் இரண்டு சேலை, எல்லாம் சேர்த்து 22 உருப்படி, 75 நிமிஷம். மகளின் கணக்கு 2176. அதாவது 0.68 யூனிட். ஒன்பது வாரத்துக்கு ஆறு யூனிட்டும் கொஞ்சமும்தான் ஆகிறது. அதைக் கழித்தாலும் 508. ஒரு சந்தேகம் மட்டும். 1000 வாட் என்றால் பெட்டியில் லைட் எரியும்போது மீட்டர் நிமிஷத்துக்கு 53 முறை மின்ன வேண்டும், 47தான் வந்தது. ஏன்?

மார்த்தாண்டம் ஓய்வு

இவ்வளவு எண்ணுவானேன்? 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 நிமிஷத்துக்கு ஒன்றேகால். உங்கள் மகள் பாதியில் தூங்கியிருப்பாள். எங்கள் வீட்டுப் பெட்டியில் லைட் அணைவதே இல்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை எரியும். அதுதான் முறை. போன மாதம் பாலியஸ்டர் சட்டைக்காகக் குமிழைக் கீழே வைத்துத் தேய்த்தேன், காலர் அப்படியே பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இந்தக் காலத்துத் துணியின் தரம் அவ்வளவுதான்.

குளச்சல் கரிப்பெட்டி

எங்கள் அப்பா தேய்ப்புக் கடை வைத்திருந்தார். சிரட்டைக் கரிதான். காலையில் பெட்டியைக் கடை வாசலில் கடல் பக்கம் பார்த்து வைத்தால் காற்றே ஊதிக் கொடுக்கும். கோயில் திருவிழா வந்தால் ராத்திரி முழுக்க வெள்ளைச் சட்டையாகக் குவியும். ஒரு பொறி விழுந்து கல்யாண மாப்பிள்ளையின் வேட்டியில் மிளகு அளவு ஓட்டை. அப்பா புது வேட்டி வாங்கிக் கொடுத்தார், அந்த மாதம் எங்களுக்கு மீன் கிடையாது. கடையில் இப்போது உருப்படிக்கு என்ன வாங்குகிறார்கள் என்றுதானே கேட்டீர்கள்? எங்கள் பக்கம் பத்து ரூபாய்.

வடசேரி வயர்மேன்

கரிப்பெட்டி அண்ணே, அவர்கள் கேட்டது வீட்டுக் கரண்ட். ஆனாலும் அந்த வேட்டி மனசில் நிற்கிறது.

தக்கலை அக்கா, 47 வந்தது சரிதான். பெட்டியில் எழுதியிருக்கும் 1000 வாட் 230 வோல்ட்டுக்கு. உங்களுக்கு அன்றைக்கு 215 பக்கம்தான் வந்திருக்கும். வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினால் வாட் அதைவிட வேகமாக இறங்கும், 880 வாட் ஆகிவிடும். அதற்காகச் செலவு குறையாது. லைட் கூடுதல் நேரம் எரியும், அவ்வளவுதான். அப்புறம், மீட்டரை எண்ண ஆள் வைக்க வேண்டாம். பெட்டி லைட் எரிகிற நேரத்தை மட்டும் கூட்டுங்கள். உங்களுக்கு 75 நிமிஷத்தில் 46 நிமிஷம் எரிந்திருக்கும்.

மார்த்தாண்டம் ஐயா, உங்கள் கணக்கு உங்கள் பெட்டிக்குச் சரி. ஆனால் அந்தப் பெட்டி கெட்டுப்போயிருக்கிறது. உள்ளே தெர்மோஸ்டாட்டின் பாயிண்ட் இரண்டும் உருகி ஒட்டிக்கொண்டால் எந்த அளவில் வைத்தாலும் சூடு ஏறிக்கொண்டே போகும். காலரைத் தின்றது அதுதான், துணி பாவம். குமிழைக் கடைசி அளவுக்கு இறக்கி வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிஷத்தில் "டிக்" என்று சத்தம் கேட்டு லைட் அணைய வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகியும் அணையாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் இப்படித்தான், பலகை விரிப்பு, கம்பளி, அடியில் மேஜை வரை பெட்டி வடிவத்திலேயே கருகிக் கிடந்தது. போன் வந்தது என்று எழுந்து போனவர் திரும்பி வரப் பத்து நிமிஷம்.

அக்காவிடம் ஒரு கேள்வி. அளந்த அன்று துணி காய்ந்திருந்ததா?

பூதப்பாண்டி சித்தி

எனக்கு அனுபவம் சின்னதுதான். மழையில் பையனின் பேன்ட் காயாமல் அடுப்பு மேலே போட்டுப் புகைவாசத்தோடு பள்ளிக்கூடம் அனுப்பினேன், டீச்சர் கேட்டுவிட்டார்.

நான் சொல்வதைக் கேளுங்கள். முதலில் நைலான், பாலியஸ்டர், பிறகு பட்டு, கடைசியில் பருத்தி. சூடு ஏறும் வரிசையிலேயே போனால் ஆறக் காத்திருக்க வேண்டாம். கடைசி இரண்டு துணிக்கு முன்னாலேயே சுவிட்சை அணையுங்கள், கைக்குட்டை எல்லாம் மிச்சச் சூட்டிலேயே போகும். கஞ்சியைக் கெட்டியாகப் போடாதீர்கள், அடித்தட்டில் பிடித்துக்கொண்டால் இழுக்கவே முடியாது. பிடித்துவிட்டால் ஆறிய பிறகு ஈரத் துணியால் துடையுங்கள், கத்தி வைத்துச் சுரண்டாதீர்கள். தண்ணீரைக் கையால் அள்ளித் தெளிக்காமல் ஸ்பிரே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடாக்குவது வீண். ஈரத் துணியை ராத்திரி ஃபேனுக்கு அடியில் போட்டுவிட்டால் காலையில் கரண்ட் மிச்சம்.

வடசேரி வயர்மேன்

சித்தி, எல்லாம் சரி, ஃபேன் மட்டும் இடிக்கிறது. பழைய ஃபேன் 70 வாட் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கு மேல். துணிக்காகவே தனி அறையில் ஓடவிட்டால் என்ன மிச்சம்? ஆள் தூங்கும் அறையில், எப்படியும் ஓடும் ஃபேன் என்றால் சரி.

பூதப்பாண்டி சித்தி

எங்கள் வீட்டில் துணியும் ஆளும் ஒரே அறைதான்.

தக்கலை மருமகள்

வயர்மேன் தம்பி கேட்டது சுருக்கென்று குத்தியது. அளந்த அன்று நல்ல வெயில்.

நேற்று விடாமல் தூறல். மறுபடி அளந்தேன். இந்த முறை தேய்க்கும் முன்னால் துணியை எல்லாம் பையில் போட்டு, அண்ணாச்சி கடைத் தராசை இரவல் வாங்கி நிறுத்தேன். தேய்த்து முடித்து மறுபடி நிறுத்தபோது 900 கிராம் குறைவு. அவ்வளவும் தண்ணீர். யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்புப் பட்டியிலும் பாக்கெட்டிலும்தான் அதிகம், பெட்டியை வைத்தால் "ஸ்ஸ்" என்று ஆவி முகத்தில் அடித்தது. அதே 22 உருப்படி. மகளின் கோடு 4480. 1.4 யூனிட்!

வடசேரி வயர்மேன்

அதுதான் அக்கா. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க எந்தப் பெட்டியானாலும் ஏறக்குறைய 0.7 யூனிட் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் 900 கிராமுக்கு 0.63. மீதி, கூடுதல் நேரம் பெட்டி சூடாகவே நின்றதில் காற்றோடு போனது. அந்த பில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உள்ளதுதானே?

மார்த்தாண்டம் ஓய்வு

லைட் ஏழு நிமிஷம் ஆகியும் அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஆனால் மணிக்கு ஒரு யூனிட் என்று நான் சொன்னது தப்பு இல்லை.

தக்கலை மருமகள்

ஆமாம், மழை பில்தான். ஈரமான வாரம் ஐந்து, காய்ந்த வாரம் நான்கு என்று போட்டால் 9.7 யூனிட் வருகிறது. கழித்தாலும் 504, தாண்டத்தான் செய்கிறது என்று மாமியிடம் நோட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "அப்போ கூடுதலா வந்த பதினாலுல பத்து இந்தப் பெட்டிதானே?" என்றார்கள்.

மீதி நாலு மோட்டாரா, மாமியின் வெந்நீர் ஹீட்டரா என்று இனிமேல்தான் எண்ண வேண்டும். மகள் வரமாட்டேன் என்கிறாள்.