புதுப்பிப்பு: அப்பாவோட உயில் வழக்கு

என் பழைய கேள்வி: "அப்பா பக்கவாதத்துல கிடந்தப்போ அண்ணன் எழுதி வாங்கின உயில் செல்லுமா?"

பதிவான உயிலை அசைக்க முடியாதுன்னு ஒருத்தர் சொன்னீங்க. பதிவு பலம்தான், ஆனா அதுவே நிரூபணம் ஆகாதுன்னார் வக்கீல். உச்ச நீதிமன்றத்தோட 1958 வெங்கடாசல ஐயங்கார் தீர்ப்புப்படி, சந்தேகம் இருந்தா அதைத் தீர்க்க வேண்டியது உயிலைக் காட்டுறவர். நிர்ப்பந்தம்னு சொன்னாலோ, நிரூபிக்கிற சுமை நமக்கு. அதனால மனநிலையைத்தான் கெட்டியா பிடிச்சோம். உயில் தேதியன்னிக்கு கேஸ் ஷீட்டுல, 'ஆளை அடையாளம் தெரியல'ன்னு நர்ஸ் எழுதியிருக்காங்க. குறுக்கு விசாரணையில சாட்சி, "ஐயா படிச்சுப் பாத்து கையெழுத்துப் போட்டார்"னார். உயில்ல இருக்கிறதோ கைநாட்டு! அண்ணன் வக்கீல் முகத்தைப் பாக்கணுமே.

எங்களுக்கு டாக்டர் சாட்சியம் பாக்கி.