டீமெர்ஜருக்குத் தமிழில் என்ன சொல்வது? ராணிப்பேட்டை பாரி ஆலைகளை முன்வைத்து

கவிதா, ராணிப்பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இதழுக்காக ராணிப்பேட்டை பாரி ஆலைகளின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1906-ல் உரம் தயாரிக்கத் தொடங்கிய இடம் இது. பிற்பாடு பீங்கான் சாமான்களும் சேர்ந்துகொண்டன. இன்றைக்கும் ஊரில் கேட்டால் "பாரி கம்பெனி" என்றுதான் சொல்வார்கள். ஆனால் உர ஆலை இப்போது கோரமண்டலுடையது, பீங்கான் ஆலை ஸ்பெயின் நாட்டு ரோக்காவுடையது. இது எப்படி ஆயிற்று என்று ஒரு கொடிவழிப் படம் போட்டேன். பாரியிலிருந்து கிளம்பும் இரண்டு அம்புகளின் மேலும் "பிரிந்தது" என்று எழுதி வைத்தேன். இதழாசிரியர் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒரே மாதிரியா பிரிந்தன?" என்று கேட்டார். முழிக்கிறேன். ஆங்கில ஆவணத்தில் ஒன்றுக்கு மட்டும்தான் டீமெர்ஜர் என்று போட்டிருக்கிறது. அதற்கு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும்.

யூசுப், வாணியம்பாடி

இதற்கு எதற்குப் புதுச்சொல்? பாகப்பிரிவினை. எங்கள் வாப்பாவும் பெரியப்பாவும் தோல் மண்டியைப் பிரித்துக்கொண்டபோது சார்பதிவாளர் ஆபீசில் அந்தப் பெயரில்தான் பத்திரம் போட்டோம். இவருக்கு இது, அவருக்கு அது. அவ்வளவுதான்.

மாணிக்கம், காட்பாடி

கம்பெனி செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூசுப் பாய் பாதி சரி. ஒரு தொழிலை அதன் சொத்து, கடன், வேலையாட்களோடு மொத்தமாகப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பது வரைக்கும் பாகப்பிரிவினைதான். ஆனால் உங்கள் மண்டியில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் போனார்கள். டீமெர்ஜரில் யாரும் எங்கும் போவதில்லை. 2003-ல் பாரியின் வேளாண் இடுபொருள் பிரிவு கோரமண்டலுக்குப் போனபோது, பாரியின் பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் கோரமண்டல் பங்கு கிடைத்தது. கையில் இருந்த பாரி பங்கும் அப்படியே இருந்தது. பிரிந்தது தொழில், பங்குதாரர்கள் அல்ல.

ஆக, கவிதாம்மா ஒவ்வொரு அம்புக்கும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: போன தொழிலுக்குப் பதிலாக வந்தது யார் கைக்குப் போயிற்று? பங்குதாரர் கைக்குப் பங்காகப் போனால் டீமெர்ஜர். கம்பெனியின் கைக்குப் பணமாக வந்தால் அது கிரயம். பீங்கான் தொழில் முதலில் ஒரு துணை நிறுவனத்துக்கு மாறியது. 2006-ல் அதில் ரோக்கா பாதிப் பங்காளியாக வந்தது, 2008-ல் மீதியையும் வாங்கிக்கொண்டது. பாரியின் பங்குதாரர் கைக்கு ரோக்கா பங்கு ஒன்றுகூட வரவில்லை. விற்ற பணம் பாரியின் கணக்கில் விழுந்தது.

ஆண்டறிக்கையில் இதற்குத் தடயம் இருக்கும். டீமெர்ஜர் என்றால், தொழிலை வாங்கிக்கொண்ட கம்பெனியின் பங்கு மூலதனக் குறிப்பில் "பணம் பெறாமல் ஒதுக்கிய பங்குகள்" என்று ஒரு வரி வரும். கொடுத்த கம்பெனியின் காப்புநிதி அந்த ஆண்டில் குறைந்திருக்கும். கிரயம் என்றால், விற்ற லாபம் அந்த ஆண்டு லாபநட்டக் கணக்கில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

கவிதா, ராணிப்பேட்டை

புரிகிறது ஐயா. ஆனால் ஒன்று இடிக்கிறது. 2003-லேயே உரத் தொழில் போய்விட்டது என்கிறீர்கள். பாரியின் சமீபத்திய அறிக்கையில் வருமானத்தின் பெரும்பகுதி உரத்திலிருந்து என்றுதான் இருக்கிறது. நான் படித்தது தப்பா?

மாணிக்கம், காட்பாடி

தப்பில்லை. நீங்கள் பார்த்தது தொகுப்புக் கணக்கு. கோரமண்டலின் பாதிக்கு மேற்பட்ட பங்கு பாரியிடம் இருக்கிறது. அதனால் மகளின் வருமானமும் தாயின் ஏட்டில் ஏறிவிடுகிறது. தனிக்கணக்கைப் புரட்டுங்கள், சர்க்கரைதான் முன்னால் நிற்கும். கொடிவழி வரைகிறவர்கள் பலர் வழுக்கி விழும் இடம் இது. பிரிந்து போன தொழில் வெளியாரிடம் போகவில்லை, ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்த துணை நிறுவனத்துக்குப் போனது.

இன்னொன்று, பாரியின் பதிவெண்ணைப் பாருங்கள்: `L24211TN1975PLC006989`. L-க்கு அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. 24 என்றால் வேதிப்பொருள். சர்க்கரை செய்கிற கம்பெனி இன்னும் பழைய தொழிலின் எண்ணைச் சுமக்கிறது. அதே எண்ணில் இருக்கும் 1975 இப்போதுள்ள சட்ட உருவம் பதிவான ஆண்டு. வணிகம் 1788-ல் தொடங்கியது. இரண்டையும் படத்தில் தனித்தனியாகப் போடுங்கள்.

சரவணன், குடியாத்தம்

பெரியவர்களுக்கு வணக்கம். என் அப்பா பாரி பங்கு வைத்திருந்தார். 2003-ல் கோரமண்டல் பங்கும் வந்தது. இப்போது அதை விற்றேன். சும்மா வந்த பங்கு, வாங்கிய விலை பூஜ்யம் என்கிறார் வரி பார்க்கிறவர். பூஜ்யம்தானா?

மாணிக்கம், காட்பாடி

தம்பி, இது சொல் பற்றிய பேச்சு. ஆனாலும் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். பூஜ்யம் இல்லை. அப்பா பாரிக்குக் கொடுத்த விலையைத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரிவதற்கு முன் கம்பெனியின் நிகர மதிப்பில் எவ்வளவு பங்கு தொழிலோடு போனதோ, விலையிலும் அதே பங்கு கோரமண்டலுக்குச் சேரும். இது பழைய பட்டியலிட்ட பங்கு என்பதால் 2018 ஜனவரி 31 அன்றைய சந்தை விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அதுதான் பெரிதாக உதவும்.

தேன்மொழி, வேலூர்

சரவணன் கேட்டதும் சொல் பற்றியதுதான் ஐயா. "பிரிந்து வந்தது" என்றால் சும்மா வந்தது என்று தோன்றிவிடுகிறது, பாருங்கள்.

என் முன்மொழிவு: டீமெர்ஜருக்குக் "கூறுபிரிப்பு". கூறு போடுவது என்றால் ஒரே சொத்தைப் பகுதிகளாக்குவது, அதை யார் கொண்டுபோகிறார்கள் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. பாகப்பிரிவினையில் அந்த "பாகம்" பாகஸ்தர்களை உள்ளே இழுத்துக்கொண்டு வருகிறது. தொழிலை இனம்வாரியாக விலை போடாமல் ஒரே தொகைக்கு விற்றால் "மொத்தக் கிரயம்". 2008-ல் ரோக்கா வாங்கியது போல நிறுவனத்தின் பங்குகளையே வாங்கினால் "பங்குக் கிரயம்".

யூசுப், வாணியம்பாடி

கூறுபிரிப்பு என்றால் கசாப்புக் கடை ஞாபகம்தான் வருகிறது. மாவட்டத்தைப் பிரித்தார்களே, 1989-ல் வட ஆற்காட்டை, 2019-ல் வேலூரை. அதற்கெல்லாம் "பிரிப்பு" என்று சொன்னால் போதவில்லையா?

கவிதா, ராணிப்பேட்டை

அதில் வேறொரு தொல்லை இருக்கிறது, யூசுப் அண்ணா. பழைய ஆவணத்தில் ஆலையின் முகவரி வட ஆற்காடு மாவட்டம், நடுவில் வேலூர், இப்போது ராணிப்பேட்டை. ஆலை இடம் மாறியதாக நினைத்து முதல் வரைவில் மூன்று புள்ளி வைத்திருந்தேன்!

கூறுபிரிப்பும் பங்குக் கிரயமும் எடுத்துக்கொள்கிறேன். கிரயம் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். இன்னும் ஒரு அம்பு மிச்சம். 1981-ல் முருகப்பா குழுமம் பாரியை வாங்கியதற்கு அகராதிகள் "கையகப்படுத்தல்" என்கின்றன. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் சிப்காட்டுக்கு நிலம் எடுத்ததுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அரசு நோட்டீஸ் ஒட்டி எடுத்துக்கொள்வது வேறு, பங்கு வாங்கிப் பொறுப்புக்கு வருவது வேறு இல்லையா?

தேன்மொழி, வேலூர்

வேறுதான். "கைம்மாற்று" என்று சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் நம் பக்கம் அது கடன் வாங்குவது. "பொறுப்பேற்பு" என்றால் புது மேலாளர் வந்தது போல இருக்கிறது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாணிக்கம் ஐயா, அந்தக் காலத்தில் உங்கள் ஆபீசில் வாய்ப்பேச்சில் என்ன சொல்வீர்கள்?

மாணிக்கம், காட்பாடி

"கம்பெனி கை மாறிடுச்சு" என்போம். அதை ஒரு கலைச்சொல்லாக எப்படி ஆக்குவது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும் அம்மா.