வகுப்பில் தந்த படவில்லைக்கும் குறிப்புக்கும் என்ன பெயர்?

சுபா எழுதியது:
வணக்கம். எங்கள் துறையில் தமிழில் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்காக ஏபிஏ என்ற மேற்கோள் நெறியின் ஏழாம் பதிப்பைத் தழுவி ஒரு வழிகாட்டி தயாரிக்கிறோம். வகுப்பில் தந்த பொருளைத் துணைநூற்பட்டியலில் சேர்க்கும்போது தலைப்பை அடுத்து, அது என்ன வகைப் பொருள் என்று சதுர அடைப்புக்குள் குறிக்க வேண்டும். ஸ்லைடுகளுக்கு “விரிவுரைப் படவில்லைகள்” என்றும், ஆசிரியர் தரும் குறிப்புகளுக்குப் “பாடக்குறிப்புகள்” என்றும், இவை அனைத்துக்கும் பொதுவாக “வெளியிடப்படாத கற்பித்தல் பொருள்” என்றும் போட்டிருக்கிறேன். சரியா?

ராமசாமி எழுதியது:
பாடக்குறிப்பு என்றால் நாங்கள் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கும் குறிப்பேடு, அம்மா. முப்பது குழந்தைகளுக்கு எந்தப் பாடத்தை எப்படி நடத்தப் போகிறேன் என்று அதில் எழுதுவோம். அதையா மாணவர் மேற்கோள் காட்டப் போகிறார்? என்னுடையவை பரணில் கிடக்கின்றன. யாராவது கேட்டால் தருகிறேன்.

அருள் எழுதியது:
இத்தனை பெயர்கள் எதற்கு? அச்சில் வராத எதையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. எல்லாமே “தனிப்பட்ட தொடர்பு”தான். கட்டுரைக்குள் அடைப்பில் ஒரு வரி போட்டால் போதும்.

மங்கை எழுதியது:
அருள் சொன்னதில் பாதி சரி. ஏபிஏ பார்ப்பது அச்சில் வந்ததா என்பதை அன்று. உங்கள் ஆய்வேட்டைப் படிப்பவரால் அதை எடுத்துப் பார்க்க முடியுமா என்பதைத்தான். ஒரே படவில்லைத் தொகுப்பை மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். ஆசிரியர் தம் பொதுத்தளத்தில் போட்டிருந்தால் யாரும் திறக்கலாம், ஆகவே பட்டியலில் வரும். கல்லூரியின் மூடுல் கற்றல் தளத்தில் கடவுச்சொல்லுக்குள் இருந்து, திருத்துபவரும் அதே கல்லூரிக்காரர் என்றால் அப்போதும் வரும். முகவரியாக உள்நுழைவுப் பக்கத்தைக் கொடுத்தால் போதும். அதே ஆய்வேடு வெளியூர்த் தேர்வாளருக்குப் போனாலோ ஆய்விதழில் கட்டுரையானாலோ அந்தப் பதிவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அங்கேதான் அருள் சொல்லும் ஒரு வரி வருகிறது.

எனவே “வெளியிடப்படாத” என்ற சொல் மாணவரைத் தவறான இடத்தில் கோடு போட வைக்கும். “எட்டும் பொருள்”, “எட்டாப் பொருள்” என்று பிரிக்கலாம் என்பது என் கருத்து.

“தனிப்பட்ட தொடர்பு” என்பதையும் தயவுசெய்து மாற்றுங்கள். ஒரு பேராசிரியையின் பெயரை அடுத்து “தனிப்பட்ட தொடர்பு, மார்ச் 4” என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டு சிரித்தார்கள். “தனிவழித் தகவல்” என்றால் மின்னஞ்சல், உரையாடல், வகுப்பில் கேட்டது எல்லாம் அதில் அடங்கும்.

சுபா எழுதியது:
நன்றி, அக்கா. அப்படியானால் பதிவு இப்படி அமையும்:

ஆசிரியர் பெயர். (2024, ஆகஸ்ட் 12). மண்ணரிப்பும் நீர்ப்பிடிப்பும் [விரிவுரைப் படவில்லைகள்]. மூடுல். உள்நுழைவு முகவரி.

ஆசிரியர் தரும் குறிப்புகளுக்கு என்ன போடுவது?

மங்கை எழுதியது:
“விரிவுரைக் குறிப்புகள்” என்று சொல்லலாம். ஆனால் அது ஆசிரியர் எழுதித் தந்ததையும் குறிக்கும், மாணவர் கேட்டு எழுதிக்கொண்டதையும் குறிக்கும். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதை மற்றவரும் பார்க்க முடியும். இரண்டாவது மாணவரின் நோட்டில் மட்டும் இருக்கிறது; அது தனிவழித் தகவல். மொழியியல்காரர்களுக்குச் சொசூரை நினைவிருக்கும். அவர் மறைந்த பிறகு, 1916இல் அவர் பெயரில் வந்த நூல் பெரும்பாலும் மாணவர்களின் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டது. அதில் எந்த வரி அவருடையது என்று இன்னும் விவாதிக்கிறார்கள். ஆகவே “ஆசிரியர் தந்த குறிப்புகள்”, “மாணவர் எடுத்த குறிப்புகள்” என்று நீளமாகவே எழுதுங்கள். நீளம் பரவாயில்லை.

இன்னொன்று. பதிவில் தேதியை விட்டுவிடாதீர்கள். ஆண்டுதோறும் ஆசிரியர் பழைய கோப்பின் மேலேயே புதியதை ஏற்றுகிறார். பதினான்காம் படவில்லையில் இருந்த வரைபடம் அடுத்த ஆண்டு இருபதாவதாகிவிடும், அல்லது காணாமல் போய்விடும். கட்டுரைக்குள் “படவில்லை 14” என்று எண்ணையும் குறிக்கச் சொல்லுங்கள். அந்த வரைபடத்தின் அடியில் சிறிய எழுத்தில் வேறு ஒருவரின் பெயரும் ஆண்டும் இருந்தால், அந்த மூலக் கட்டுரையைத் தேடிப் படித்து அதையே காட்ட வேண்டும். என் மேசைக்கு வரும் ஆய்வேடுகளில் அதிகம் திருத்துவது இதைத்தான்.

அருள் எழுதியது:
எட்டும் பொருள் என்ற பிரிவை ஏற்கிறேன். படவில்லையை ஏற்க மாட்டேன். வில்லை என்றால் எனக்குக் கண்ணாடியும் மாத்திரையும்தான் நினைவுக்கு வருகின்றன. “ஸ்லைடுகள்” என்றே இருக்கட்டும்.

மங்கை எழுதியது:
யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் படவில்லை பழகிவிட்டது. துணைநூற்பட்டியலையே நாங்கள் உசாத்துணை என்கிறோம். வழிகாட்டி யாருக்கோ அவர்களுக்குப் பழகிய சொல்லைப் போடுங்கள், ஆனால் ஆய்வேடு முழுவதும் ஒன்றையே பயன்படுத்துங்கள்.

சுபா எழுதியது:
ஸ்லைடா படவில்லையா என்பதைத் துறைக் கூட்டத்துக்கு விட்டுவிடுகிறேன். இன்னும் ஒன்று பாக்கி: கல்லூரி வாசல் கடையில் விற்கும் ஜெராக்ஸ் கட்டு. எழுதியவர் பெயர் இல்லை, நாள் இல்லை, பாடக் குறியீடு மட்டும் இருக்கிறது. கடையில் யாரும் வாங்கலாம். அது எட்டும் பொருளா?

ராமசாமி எழுதியது:
எங்கள் காலத்தில் அதைச் சைக்ளோஸ்டைல் என்போம்.