கலைச்சொல்: ‘கிளியர்’ முட்டையைத் தமிழில் எப்படி எழுதுவது?

தெஹிவளை மாணவி:
வணக்கம். அடைகாத்தல் செய்முறைக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் நாள் முட்டையை இருட்டறையில் விளக்கின்முன் பிடித்துப் பார்ப்பதற்கு ‘ஒளிநோட்டம்’ என்று போட்டுவிட்டேன். சிக்கல் அதற்கடுத்த சொல்லில்தான். சில முட்டைகளில் இரத்த நாளங்கள் சிலந்திக்கால்களாக விரிந்து தெரிகின்றன. சிலவற்றில் மஞ்சட்கருவின் மங்கிய நிழலைத் தவிர எதுவுமில்லை. பண்ணைகளில் இவற்றைக் ‘கிளியர்’ என்கிறார்கள். ‘கருக்கட்டாத முட்டை’ என்று எழுதலாமா? நான் வைத்த 48 முட்டைகளில் 14 இப்படி வந்தன. சேவல் சரியில்லை என்று விற்றவரிடம் சொல்லவும் இருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
தாராளமாக எழுதலாம், தங்கச்சி. பாடநூலில் உள்ள சொல். கருக்கட்டியிருந்தால் ஏழு நாளில் இரத்தம் தெரிந்தே ஆக வேண்டும். ஊர்ச்சொல் வேண்டுமானால் ‘கூழ்முட்டை’ இருக்கவே இருக்கிறது.

புறக்கோட்டை முட்டை வியாபாரி:
நாங்களும் விளக்கில் பார்க்கிறோம். காற்றறை சிறிதாக இருந்தால் முதல் தரம், பெரிதாக இருந்தால் பழைய முட்டை. தண்ணீரில் போட்டாலும் தெரிந்துவிடும். இதற்கு ஏன் புதுச்சொல்?

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற பொரிப்பக மேலாளர்:
வியாபாரி ஐயா சொல்வது உண்பதற்கான முட்டைக்குச் சரி. அடைமுட்டையில் காற்றறை பெரிதாகத்தான் வேண்டும். 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 வீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அங்கே சிறிய காற்றறை நல்ல அடையாளமன்று.

ஆசிரியர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஏழாம் நாளில் உயிருள்ள முளையத்துக்கு இரத்த நாளங்கள் இருக்கும். ஆனால் கருக்கட்டி, இரத்தம் உருவாகும் முன்பே இறந்த முளையமும் விளக்கில் வெறுமையாகவே தெரியும். மூன்றாம் நாளை ஒட்டி இறந்திருந்தால் இரத்த வளையம் எஞ்சும். முதலிரண்டு நாட்களில் இறந்தால் அதுவும் இராது. ஆகவே ‘கருக்கட்டாத’ என்று எழுதுவது, பார்க்காத ஒன்றுக்குத் தீர்ப்பெழுதுவது. கூழ்முட்டையோ உள்ளே கலங்கிக் கெட்டது, அது வேறு.

பிள்ளை, அந்த 14 முட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள். காற்றறைப் பக்கம் ஓட்டைத் திறந்து மஞ்சட்கருவின் மேற்புறத்தைப் பாருங்கள். சிறிய, அடர்ந்த, ஓரம் ஒழுங்கற்ற வெண்புள்ளி என்றால் கருக்கட்டவில்லை. வெளிறிய படலம் வட்டமாகப் பரவியிருந்தால் கருக்கட்டி இறந்தது. இதை இப்போதே செய்ய வேண்டும். 21ஆம் நாள்வரை விட்டால் எல்லாம் குழம்பி, இரண்டையும் பிரித்தறிவது கடினம். முட்டைகளை வைக்கும்வரை எங்கே வைத்திருந்தீர்கள்?

தெஹிவளை மாணவி:
திறந்துவிட்டேன், ஐயா. ஐந்தில் புள்ளி மட்டுமே இருந்தது, ஒன்பதில் படலம். முட்டைகளைப் பத்து நாட்களாகச் சேர்த்துச் சமையலறைத் தட்டில் வைத்திருந்தேன்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற பொரிப்பக மேலாளர்:
அப்படியானால் சேவலை விடுங்கள். 48இல் 43 கருக்கட்டியவை. ஏறத்தாழ 90 வீதம். உங்கள் பழைய கணக்கில் 34தான், 71 வீதம். அந்த இடைவெளியில் பெரும்பகுதி சமையலறையில் நேர்ந்திருக்க வேண்டும். இடப்படும்போதே முட்டைக்குள் பல்லாயிரம் கலங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 20 பாகை செல்சியசுக்குக் கீழே அவை உறங்கும். கொழும்பு வீட்டின் 28, 30 பாகையில் உறங்கவும் முடியாது, 37.5 பாகையில் வளர்வதுபோல் ஒழுங்காக வளரவும் முடியாது. அரைகுறையாக வளர்ந்து நலிந்து, அடைகாப்பானுக்குள் போனதும் இறந்துவிடுகின்றன. பத்து நாள் சேமிப்பும் சேர்ந்துகொண்டது. இனி 16 முதல் 18 பாகையில், ஒரு வாரத்துக்கு மேற்படாமல் வையுங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வேண்டாம், அது அளவுக்கு மீறிய குளிர். குளிரிலிருந்து எடுத்ததும் ஓட்டில் வியர்வை பூத்தால் துடைக்கவும் வேண்டாம்; ஈரத்தோடு கிருமி நுண்துளைகளுக்குள் போய்விடும். தானாக உலரட்டும்.

சொல்லுக்கு என் பரிந்துரை ‘தெளிமுட்டை’. கண்டதை மட்டும் சொல்கிறது. திறந்து பார்த்த பிறகு ‘கருக்கட்டாதது’, ‘முன்னிறந்தது’ என்று இரண்டு உட்பிரிவுகள் போடலாம்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
உட்பிரிவுகள் சரி; திருத்திக்கொள்கிறேன். ஆனால் ‘தெளிமுட்டை’ என்றால் மாணவர் சுத்தமான, நல்ல முட்டை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘நாளமிலா முட்டை’ என்றால் என்ன?

புறக்கோட்டை முட்டை வியாபாரி:
கடைக்கு வருகிறவரிடம் ‘தெளிமுட்டை’ என்றால் இரண்டு தட்டு வாங்கிப் போவார்! பொரிப்பகத் தொழிலாளிக்குக் ‘கிளியர்’ போதும்.

தெஹிவளை மாணவி:
குறிப்பேட்டில் இப்போதைக்குத் ‘தெளிமுட்டை’ என்றே எழுதி, பக்கத்தில் ‘கிளியர்’ என்று போடுகிறேன். இன்னொரு கேள்வி: கரும்பழுப்பு ஓடுள்ள இரண்டு முட்டைகளில் நாளம் இருக்கிறதா இல்லையா என்றே பிடிபடவில்லை. அவற்றை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற பொரிப்பக மேலாளர்:
எதிலும் சேர்க்காதீர்கள். ஓட்டில் பென்சிலால் குறியிட்டு மீண்டும் உள்ளே வையுங்கள். பத்தாம் நாள் திரும்பப் பாருங்கள். அதற்குள் உயிருள்ளது நன்றாகக் கறுத்திருக்கும்.