புதுப்பிப்பு: பார்க்காமல் தட்டச்சு, மணிக்கட்டு வலி தீர்ந்தது

என் கேள்வி: "நாற்பதைத் தாண்டியபின் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகுகிறேன். தினமும் ஒரு மணி நேரப் பயிற்சி. மணிக்கட்டு வலிக்கிறது, பிழையும் கூடுகிறது. என்ன செய்வது?"

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

விசைப்பலகையின் பின்கால்களை மடக்கச் சொன்னவரின் யோசனைதான் வலியைத் தீர்த்தது. கால்கள் நிமிர்ந்திருந்தவரை மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தே இருந்திருக்கிறது. மடக்கிவிட்டு, முழங்கை விசைகளின் உயரத்துக்கு வரும்படி நாற்காலியை உயர்த்தினேன். பாதம் தரையில் எட்டவில்லை என்பதால் அடியில் ஒரு பலகை போட்டேன்.

அவர் சொன்னபடியே பயிற்சியைக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் என்று பிரித்தேன். நூறு எழுத்தில் ஐந்துக்கு மேல் பிழை வந்தால் வேகத்தைக் குறைத்தேன்; பிழை குறைந்ததும் வேகம் தானாக வந்தது.

கைகளைத் துணியால் மூடும் யோசனை பாதிதான் உதவியது. பார்ப்பது நின்றது, ஆனால் விரல்கள் ஒரு விசை தள்ளி அமர்ந்தால் வரி முழுவதும் பிழையாகிவிடும். F, J விசைகளின் சிறு மேட்டைச் சுட்டுவிரல்களால் தொட்டுப் பார்த்து ஒவ்வொரு வரியையும் தொடங்கிய பிறகே சரியானது.

எதிர்பாராதது, வலது சுண்டுவிரல் சோர்வு. விரலை நீட்டாமல் கையையே நகர்த்தினால் குறைகிறது.

கைபேசித் தட்டச்சு பற்றிக் கேட்டவருக்கு இவை பொருந்தா. எண் வரிசையை இன்னும் பார்த்துத்தான் அடிக்கிறேன். வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.