புதுப்பிப்பு: நம்பர் வெளிய தெரியாம எல்லாருக்கும் கிளாஸ் டைம் அனுப்புறது

நான் கேட்டது: "டான்ஸ் கிளாஸ் டைம் மாறினா பேரன்ட்ஸ் எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல சொல்லணும், ஆனா ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்கு தெரியக்கூடாது, எப்படி?"

உதவின எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேலை முடிஞ்சது, பிராட்காஸ்ட் லிஸ்ட்தான். அட்மின் மட்டும் மெசேஜ் போடுற குரூப் போதும்னு ஒருத்தர் சொன்னாரு, பாதி சரி, யாரும் பதில் போட முடியாது, ஆனா மெம்பர்ஸ் லிஸ்ட்ல நம்பர் எல்லாம் தெரியும். இன்னொருத்தங்க கல்யாண பத்திரிகை அனுப்ப வழி கேட்டாங்க, அவங்களுக்கும் இதே வழிதான், ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும்.

மேல மூணு புள்ளியைத் தொட்டு New broadcast, பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். சிலருக்கு போகவே இல்ல. டியூஷன் நடத்துற அக்கா முன்னாடியே சொல்லியிருந்தாங்க, நம்ம நம்பரை அவங்க சேவ் பண்ணியிருந்தாத்தான் வரும்னு. மெசேஜை அழுத்திப் பிடிச்சு Info பார்த்தா Read by, Delivered to ரெண்டுலயும் யார் பேர் இல்லைனு தெரியும் (போன் ஆஃப்ல இருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதனால மறுநாள் பாருங்க). விட்டுப்போனவங்களுக்கு தனியா "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க"ன்னு அனுப்பினேன், அடுத்த தடவை வந்துடுச்சு.

எதிர்பார்க்காதது, அவங்களுக்கு இது தனி மெசேஜ் மாதிரிதான் தெரியுது, லிஸ்ட் பேரு தெரியாது, அதனால "எந்த பேட்ச்?"னு ஒவ்வொருத்தரா கேட்டாங்க. இப்போ முதல் வரியிலேயே "சனிக்கிழமை பேட்ச்"னு போட்டுடுறேன்.

கம்யூனிட்டி பண்ணுங்கன்னு சொன்னவருக்கு, அதை இன்னும் முயற்சி பண்ணல.